இன்டர்னல் 23-க்குக் கீழே போனால்…

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறையைப் புரட்டினால் 23 என்ற எண் தேர்ச்சி விதியில் எங்கும் கண்ணில் படாது. அங்கே இருப்பவை வேறு எண்கள். எழுத்துத் தேர்வு உள்ள பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சி பெற இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அது மட்டும் போதாது. செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். அதாவது 60-க்கு 27.

50-இலிருந்து 27-ஐக் கழித்தால் 23. இன்டர்னலில் 23 அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் மாணவர் செமஸ்டர் தேர்வில் குறைந்தபட்சமான 45-ஐத் தாண்டினாலே பாஸ். 23-க்குக் கீழே போனால் அந்த 45 போதாது. இன்டர்னல் ஒரு மதிப்பெண் குறையும்போதெல்லாம், நூற்றுக்கு எழுதும் செமஸ்டர் தாளில் கிட்டத்தட்ட 1.7 மதிப்பெண் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். பாதிப் பேருக்கு இது தேர்வு முடிவு வந்த பிறகுதான் உறைக்கிறது. ‘நாற்பத்தேழு எடுத்தேன், எப்படி அரியர் ஆச்சு?’ என்ற கேள்வியின் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் தாள் ஒன்றை எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். அதன் நடுவே நிற்பது ஒரே ஒரு கட்டளை: SUMPRODUCT. ஆனால் அந்தக் கட்டளை தரும் விடையை அப்படியே நம்பிச் சிவப்பு மை பூசினால் தாள் தப்பாகத்தான் எச்சரிக்கும். எங்கே தப்பும் என்பதை ஒரு மாணவியின் மூன்றாம் செமஸ்டரை வைத்தே பார்க்கலாம். மாணவி கற்பனை, விதிகள் உண்மை.

அவளுக்கு எழுத்துத் தேர்வுப் பாடங்கள் நான்கு: டிஸ்கிரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டா சயின்ஸ், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். ஒவ்வொன்றிலும் இரண்டு இன்டர்னல் மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண்ணுக்கு. அந்த நூறில் 40 அசைன்மென்ட் அல்லது செமினார், 60 எழுத்துத் தேர்வு. இரண்டும் சேர்ந்த 200 மதிப்பெண்ணை 40-ஆகச் சுருக்கி, முழு எண்ணாக்கி இன்டர்னல் என்று போடுகிறார்கள். ஆக, மொத்த நூறில் ஒவ்வொரு அசைன்மென்ட்டின் எடை 8, ஒவ்வொரு எழுத்துத் தேர்வின் எடை 12, செமஸ்டர் தேர்வின் எடை 60.

தாளின் இரண்டாம் வரிசையில் B முதல் F வரை இந்த எடைகளை எழுதுகிறாள்: 8, 12, 8, 12, 60. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு வரிசைக்கு ஒரு பாடம். மதிப்பெண்களைச் சதவீதமாக்கித்தான் போட வேண்டும். மேத்ஸ் அசைன்மென்ட்டில் 40-க்கு 30 எடுத்தால் செல்லில் `=30/40*100` என்று தட்டினால் 75 என்று காட்டும். பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் அசல் மதிப்பெண்ணும் அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கும்.

SUMPRODUCT செய்வது மளிகைக் கடை பில் போடும் வேலை. அளவையும் விலையையும் பெருக்கி வரிக்கு வரி எழுதி, கடைசியில் கூட்டுவது போல, எடையையும் மதிப்பெண்ணையும் ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டித் தரும். மேத்ஸில் அவளுடைய நான்கு இன்டர்னல் சதவீதங்கள் 75, 40, 80, 35. எட்டு எழுபத்தைந்து அறுநூறு, பன்னிரண்டு நாற்பது நானூற்று எண்பது, அடுத்து அறுநூற்று நாற்பது, நானூற்று இருபது. மொத்தம் 2140, நூறால் வகுத்தால் 21.4. சரிபார்க்கக் குறுக்குவழி ஒன்றும் உண்டு. சதவீதமாக்காத அசல் மதிப்பெண்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தாலும் இதே விடைதான் வர வேண்டும்: 30, 24, 32, 21 சேர்ந்து 107, ஐந்தால் வகுத்தால் 21.4. தாளில் உள்ள சூத்திரம் சரியா என்று பார்க்க, ஒரு வரிசைக்காவது காகிதத்தில் இப்படிப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் சறுக்கல் இனிமேல்தான். முதல் மதிப்பீடு முடிந்த கையோடு, எல்லாரும் செய்வது போல, மொத்தத்தைக் கணக்கிட்டு ‘50-க்குக் கீழே இருந்தால் சிவப்பு’ என்று போடுகிறாள். நான்கு பாடமும் சிவந்துவிடுகின்றன. மேத்ஸ் 10.8, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 15.2, டேட்டா சயின்ஸ் 12.2, புரோகிராமிங் 11.6. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் அசைன்மென்ட்டுக்கு 85, தேர்வுக்கு 70 எடுத்தவளுக்கு எதற்குச் சிவப்பு? காரணம் எளிது. SUMPRODUCT வெற்றுச் செல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. இன்னும் எழுதாத தேர்வும் எழுதிப் பூஜ்யம் வாங்கிய தேர்வும் அதற்கு ஒன்றுதான். எல்லாமே சிவப்பாக இருக்கும் தாளை இரண்டாவது வாரம் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

தீர்வு வகுக்கும் எண்ணில் இருக்கிறது. நூறால் வகுக்காமல், இதுவரை மதிப்பெண் வந்திருக்கும் கூறுகளின் எடையால் மட்டும் வகுக்க வேண்டும்.

```
G3:  =SUMPRODUCT($B$2:$F$2,B3:F3)/SUMPRODUCT($B$2:$F$2,--(B3:F3<>""))
```

அடைப்புக்குள் இருக்கும் `B3:F3<>""` ஒவ்வொரு செல்லையும் பார்த்து ‘இது காலியா, இல்லையா’ என்று கேட்கிறது. காலியாக இல்லை என்றால் ஒன்று, காலி என்றால் பூஜ்யம். முன்னால் உள்ள இரட்டைக் கழித்தல் குறி ஆம்-இல்லை விடையை எண்ணாக மாற்றுவதற்கு. இப்போது முதல் மதிப்பீட்டுக்குப் பிறகு நான்கு பாடங்களும் 54, 76, 61, 58 என்று காட்டுகின்றன. மனுஷியைப் பார்த்துப் பேசும் எண்கள்.

இதே வேலைக்கு `<>""` என்பதற்குப் பதில் `ISNUMBER` போடுபவர்கள் உண்டு. பார்க்க அது இன்னும் சுத்தமாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. டேட்டா சயின்ஸ் இரண்டாம் தேர்வன்று நம் மாணவிக்குக் காய்ச்சல். அந்தச் செல்லில் AB என்று எழுதுகிறாள். மற்ற மூன்றும் 70, 55, 70. `ISNUMBER` இருந்தால் AB எண் இல்லை என்பதால் அந்த 12 எடை கணக்கிலிருந்தே நழுவி, சராசரி 63.6 என்று வரும். வராத தேர்வுக்கு மன்னிப்பு! `<>""` இருந்தால் அந்தச் செல் காலி இல்லை என்பதால் எடை கணக்கில் நிற்கும், மதிப்பெண் பூஜ்யமாகும், சராசரி 44.5 ஆகும். கல்லூரி மறுதேர்வு வைக்காத வரை இரண்டாவதுதான் உண்மை. மறுதேர்வு உறுதி என்றால் AB-ஐ அழித்துவிட்டுச் செல்லைக் காலியாக விட்டால் போதும். ஆக, காலி என்றால் ‘இன்னும் வரவில்லை’, AB என்றால் ‘வரப்போவதும் இல்லை’. இந்த வித்தியாசத்தைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வைக்காவிட்டால் ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே மறந்துவிடும்.

இரண்டு மதிப்பீடுகளும் முடிந்த பிறகு G நெடுவரிசை இப்படி இருக்கிறது: மேத்ஸ் 53.5, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் 75.5, டேட்டா சயின்ஸ் 44.5, புரோகிராமிங் 60.5. ஐம்பதைக் கோடாக வைத்தால் டேட்டா சயின்ஸ் மட்டும்தான் சிவப்பு. மேத்ஸ் தப்பித்துவிட்டது போலத் தெரிகிறது.

தப்பிக்கவில்லை. மேத்ஸில் அவள் எழுதிய இரண்டு தேர்வுகளின் சதவீதம் 40, 35. அசைன்மென்ட்டுகளின் சதவீதம் 75, 80. வீட்டில் உட்கார்ந்து நண்பர்களைக் கேட்டு எழுதிய அசைன்மென்ட்தான் சராசரியை ஐம்பதுக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. எடையால் பெருக்கிக் கூட்டும் எந்தக் கணக்குக்கும் இந்த இயல்பு உண்டு: ஓரிடத்துப் பள்ளத்தை இன்னோரிடத்து மேட்டால் நிரப்பிவிடும். பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விதி அப்படி நிரப்ப விடுவதில்லை. இன்டர்னலில் முழு 40 வைத்திருப்பவரும் செமஸ்டர் தாளில் 44 எடுத்தால் அரியர்தான், மொத்தம் 66-ஐத் தாண்டியிருந்தாலும். கூட்டலை வைத்து, கூட்டலை ஏற்காத விதிக்கு எச்சரிக்கை போட முடியாது.

அதனால் எச்சரிக்கை கேட்க வேண்டிய கேள்வியே வேறு. ‘சராசரி எவ்வளவு?’ என்பதை விட்டுவிட்டு, ‘செமஸ்டர் தாளில் இன்னும் எவ்வளவு எடுத்தாக வேண்டும், அந்த மாதிரித் தாளில் இவள் இதுவரை எவ்வளவு எடுத்திருக்கிறாள்?’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நான்கு நெடுவரிசைகள் போதும்.

```
H3:  =ROUND(SUMPRODUCT($B$2:$E$2,B3:E3)/100,0)
I3:  =MAX(45,(50-H3)/0.6)
J3:  =SUM(C3,E3)/2
K3:  =IF(J3<I3,"அபாயம்",IF(J3<I3+10,"கவனம்",""))
```

H இன்டர்னல் மதிப்பெண், பல்கலைக்கழகம் செய்வது போலவே முழு எண்ணாக்கியது. I தேவையான செமஸ்டர் மதிப்பெண், நூற்றுக்கு. 50-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை 0.6-ஆல் வகுத்தால் தாளில் எடுக்க வேண்டிய மதிப்பெண் வரும்; அது 45-க்குக் கீழே இறங்கினால் `MAX` அதை 45-இல் நிறுத்தும். முதலில் சொன்ன 23 இந்த `MAX`-க்குள்தான் ஒளிந்திருக்கிறது. J இரண்டு எழுத்துத் தேர்வுகளின் சராசரி. இங்கே `AVERAGE` போட்டால் அது AB-ஐத் தாண்டிக் குதித்து எழுதிய ஒரே தேர்வை மட்டும் சராசரி என்று காட்டிவிடும். அதனால்தான் கூட்டி இரண்டால் வகுப்பது. இரண்டாம் தேர்வு நடக்கும் முன் இந்தச் சராசரி பாதியாகத்தான் தெரியும் என்பதால் J-யையும் K-யையும் இரண்டு மதிப்பீடும் முடிந்த பிறகு பார்த்தால் போதும்.

மேத்ஸில் இன்டர்னல் 21. தேவை 29-ஐ 0.6-ஆல் வகுக்க 48.3; முழு மதிப்பெண்ணாகச் சொன்னால் 49. அவளுடைய தேர்வுச் சராசரி 37.5. அபாயம். டேட்டா சயின்ஸில் இன்டர்னல் 18, தேவை 53.3, தேர்வுச் சராசரி 27.5. அதுவும் அபாயம், ஆனால் அந்த 27.5-இல் பாதி காய்ச்சலின் கணக்கு, எழுதிய தேர்வில் 55 எடுத்திருக்கிறாள். புரோகிராமிங்கில் இன்டர்னல் 24, எனவே தேவை 45-தான், சராசரி 52.5. ஏழரை மதிப்பெண் இடைவெளிதான் என்பதால் கவனம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் 67.5, கொடி இல்லை.

ஐம்பது என்ற ஒற்றைக் கோடு டேட்டா சயின்ஸை மட்டும் காட்டியது. புதிய கொடி மேத்ஸையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. படிக்க மிச்சமிருக்கும் நாட்களை எங்கே செலவிடுவது என்று பார்த்தால், உண்மையில் மேத்ஸ்தான் இரண்டில் மோசம். டேட்டா சயின்ஸில் பழைய தேர்வு போல ஒரு முறை எழுதினாலே கரை சேர்ந்துவிடுவாள். மேத்ஸில் இதுவரை எழுதியதை விடப் பத்துக்கு மேல் கூடுதலாக எடுக்க வேண்டும். இந்த நுணுக்கத்தைக் கொடி சொல்லாது, பக்கத்துச் செல்களைப் பார்த்தால்தான் தெரியும். கொடிக்காக மற்ற நெடுவரிசைகளை மறைத்து வைப்பது அதனால் வேண்டாத வேலை.

‘கவனம்’ என்பதற்குப் பத்து மதிப்பெண் இடைவெளி எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை, கை போன போக்கில் வைத்தது. அதைச் சரிபார்க்க வழி ஒன்று உண்டு, குறிப்பாக ஒரு வகுப்புக்கே இந்தத் தாளைப் போடும் ஆசிரியருக்கு. போன செமஸ்டர் மதிப்பெண்கள் கையில் இருக்கும். அவற்றை இதே தாளில் போட்டு, செமஸ்டர் முடிவைப் பார்க்காமல் கொடியை மட்டும் ஏற்ற வேண்டும். பிறகு முடிவோடு ஒப்பிட வேண்டும். 60 பேர் வகுப்பில் 15 பேருக்கு அபாயக் கொடி ஏறி, அவர்களில் 9 பேர் தவறி, கொடி ஏறாத 45 பேரில் 2 பேர் தவறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீணாக எச்சரிக்கப்பட்டவர்கள் 6, கண்ணில் படாமல் போனவர்கள் 2. இடைவெளியை அகலமாக்கினால் இரண்டாவது எண் குறையும், முதலாவது கூடும். வீண் எச்சரிக்கையால் ஒரு மாணவர் இரண்டு நாள் பதறுவார்; விட்டுப்போன எச்சரிக்கையால் ஒருவர் அடுத்த செமஸ்டரில் அதே தாளை மறுபடி எழுதுவார். எது பெரிய நஷ்டம் என்று முடிவு செய்வது ஆசிரியரின் வேலை, எக்செல்லின் வேலை இல்லை.

கொடியைப் பார்த்ததும் மாணவர் மாறுகிறாரா என்பது இன்னொரு கேள்வி. இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்த இடம் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம். ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற பெயரில் 2007-இல் அங்கே தொடங்கிய ஏற்பாடு, ஒவ்வொரு பாடத்திலும் மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளில் ஒன்றைக் காட்டியது. மதிப்பெண், இணையவழிப் பாடத்தளத்தில் செலவிடும் உழைப்பு, முந்தைய கல்வி வரலாறு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தன. சிக்னல்ஸ் உள்ள பாடங்களை இரண்டு அல்லது அதற்கு மேல் படித்த மாணவர்கள் படிப்பைப் பாதியில் விடாமல் நீடிக்கிறார்கள் என்று 2012-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பலரையும் கவர்ந்தது. அடுத்த ஆண்டே மைக்கேல் கால்ஃபீல்டும் ஆல்ஃபிரட் எஸ்ஸாவும் அதில் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். படிப்பில் நீடிக்கும் மாணவர் கூடுதல் பாடங்கள் படிக்கிறார். கூடுதல் பாடம் படித்தால் சிக்னல்ஸ் உள்ள பாடங்களும் கூடத்தானே செய்யும்? நீடித்ததால் விளக்கைப் பார்த்தார்களா, விளக்கைப் பார்த்ததால் நீடித்தார்களா? விளக்குக்குப் பதில் பாடத்துக்கு ஒரு சாக்லேட் கொடுப்பதாகக் கணினியில் போட்டுப் பார்த்து, அந்தக் கணக்கு முறையில் சாக்லேட்டுக்கும் அதே ‘பலன்’ கிடைக்கும் என்று எஸ்ஸா காட்டினார். விளக்கே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. விளக்கு உதவியது என்பதற்கு அந்த எண்கள் சாட்சி இல்லை என்பதுதான்.

நம் மாணவியின் தாளுக்குத் திரும்பினால், அதில் பிழை நுழையும் வழிகள் சில சத்தமே போடாதவை. இரண்டு வரம்புகளின் நீளம் ஒத்துப்போகாவிட்டால், உதாரணமாக எடை ஐந்து செல், மதிப்பெண் நான்கு செல் என்றால், SUMPRODUCT `#VALUE!` என்று கத்திவிடும். அது நல்ல பிழை. மோசமானவை வேறு இரண்டு.

ஒன்று டாலர் குறி. G3 சூத்திரத்தில் `$B$2:$F$2` என்பதற்குப் பதில் `B2:F2` என்று எழுதிவிட்டுக் கீழே இழுத்தால் எடைகளின் வரம்பும் ஒரு வரிசை கீழே இறங்கும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மதிப்பெண்களை, மேத்ஸ் மதிப்பெண்களையே எடைகளாக வைத்துப் பெருக்கும். அபத்தமாக ஆயிரக்கணக்கில் ஏதாவது வந்தால் கண்ணில் படும். ஆனால் கீழே வகுக்கும் பகுதியிலும் அதே தவறு நடந்திருப்பதால் விடை நூறுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த வரிசைக்கு 81.1 என்று வரும், சரியான விடை 75.5. சந்தேகமே வராத தவறு. இதைப் பிடிக்க, கடைசிப் பாடத்தின் செல்லைச் சொடுக்கி F2 விசையை அழுத்தினால் எக்செல் சூத்திரத்தின் வரம்புகளை வண்ணக் கட்டங்களாகக் காட்டும். ஒரு கட்டம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தால் சரி.

இன்னொன்று, எண் போல வேஷம் போட்ட எழுத்து. கல்லூரித் தளத்திலிருந்தோ பிடிஎஃப் கோப்பிலிருந்தோ மதிப்பெண்களை எடுத்து ஒட்டும்போது 55 என்பது சில நேரம் எழுத்தாக வந்து உட்காரும். கண்ணுக்கு 55-தான். SUMPRODUCT-க்கு அது AB போல ஒரு சொல், எனவே பூஜ்யம். புரோகிராமிங் இரண்டாம் தேர்வில் இப்படி நடந்தால் 60.5 சராசரி 44 ஆகிவிடும், இன்டர்னல் 24-க்குப் பதில் 18 ஆகும், கவனம் என்பது அபாயமாகிவிடும். செல்லின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டிருப்பதும், எக்செல்லில் மூலையில் தெரியும் சின்னப் பச்சை முக்கோணமும் அதன் அடையாளங்கள். கண்ணை நம்பாமல் ஒரு செல்லையே காவலுக்கு நிறுத்தலாம்:

```
L3:  =COUNTA(B3:F3)-COUNT(B3:F3)
```

ஏதாவது எழுதப்பட்ட செல்களின் எண்ணிக்கையிலிருந்து எண் உள்ள செல்களைக் கழிக்கிறது. பூஜ்யம் வந்தால் எல்லாம் எண்கள். ஒன்று வந்தால் அந்த வரிசையில் ஒரு AB இருக்க வேண்டும். இல்லையென்றால் வேஷதாரி உள்ளே இருக்கிறான்.

வரம்பு குறைந்து போவதால் வரும் பிழை மாணவர்களோடு நின்றுவிடுவதில்லை. பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் அரசுக் கடன் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் எக்செல் தாளில், சராசரி எடுக்கும் வரம்பு 20 நாடுகளில் 15 வரைதான் நீண்டிருந்தது. ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்ததை 2013-இல் கண்டுபிடித்தவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற முனைவர் பட்ட மாணவர். கட்டுரையின் முடிவு மாறியதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் அந்தச் செல்தான் பேர் வாங்கியது. நம் தாளில் ஆசிரியர் நடுவில் புதிதாக ஒரு கூறு சேர்த்தால், அதற்கான நெடுவரிசையை வரம்பின் நடுவே செருக வேண்டும். F-க்கு அப்பால் ஒட்டினால் சூத்திரத்துக்கு அது தெரியவே தெரியாது.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே எடை வரிசை போதாது என்பதையும் சொல்ல வேண்டும். லேப் பாடங்களுக்கு இன்டர்னல் 60, செமஸ்டர் 40. லேபும் எழுத்துத் தேர்வும் கலந்த பாடங்களுக்குப் பாதிக்குப் பாதி. அவற்றைத் தனித் தாளில் போட்டுவிட்டால் குழப்பம் இல்லை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனவரைத் தேர்வு எழுத விடுவதே சிக்கல் என்பதால், மதிப்பெண்ணைப் பாராமல் ‘அபாயம்’ சொல்ல அதற்கும் ஒரு நெடுவரிசை வேண்டும்.

செமஸ்டர் முடிவு வந்த பிறகு இதே கட்டளைக்கு இன்னொரு வேலை உண்டு. ஜிபிஏ என்பதும் ஒரு SUMPRODUCT-தான்: பாடத்தின் கிரெடிட்டை அதன் தரப்புள்ளியால் பெருக்கிக் கூட்டி, கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது. மேத்ஸுக்கு 4 கிரெடிட், மற்ற மூன்றுக்கும் தலா 3. நம் மாணவி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் ‘ஏ’ வாங்கி 8 புள்ளி, புரோகிராமிங்கில் ‘பி பிளஸ்’ வாங்கி 7, டேட்டா சயின்ஸில் ‘சி’ வாங்கி 5, மேத்ஸிலும் தட்டுத்தடுமாறி ‘சி’ வாங்கி 5 என்றால், 80-ஐ 13-ஆல் வகுத்து ஜிபிஏ 6.15. மேத்ஸில் தவறிவிட்டால்? ஜிபிஏ கணக்கில் தேர்ச்சி பெற்ற பாடங்கள் மட்டுமே சேரும் என்பது விதி. மேத்ஸ் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் காணாமல் போகும். 60-ஐ 9-ஆல் வகுத்தால் 6.67. பாஸானதை விட அரியர் வைத்ததற்கு ஜிபிஏ அரைப் புள்ளி கூடுதல். வீட்டில் ஜிபிஏவை மட்டும் காட்டிச் சமாளிக்கும் மாணவர்களுக்கு இது வசதி. பார்க்கிற அப்பா அம்மா பக்கத்துச் செல்லில் ‘தேர்ச்சி பெற்ற கிரெடிட் 13-க்கு 9’ என்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.